முதல் வாரப் படத்துக்கு என்ன எழுதலாம்?

"அக்கா, ஹட்டனில் இருந்து ஷெஃபீல்டுக்கு மாஸ்டர்ஸ் படிக்கத் தனியாக வந்து ஒரு வாரம் ஆகிறது. போர்டிங் பாஸ், அறைச் சாவி, தேநீர்க் கோப்பை எல்லாம் வைத்து எடுத்த படங்களை இன்ஸ்டகிராமில் போடப் போகிறேன். 'புதிய நகரம், புதிய நான்' என்று எழுதினால் நன்றாக இருக்குமா, வேறு நல்ல கேப்ஷன் சொல்வீர்களா? பகுதிநேர வேலை, நம்ம ஊர் அரிசி கிடைக்கும் கடை பற்றியும் சொன்னால் உதவி."

தங்கச்சி, அந்த வரி வேண்டாம். மெல்பேர்னுக்குப் போன பையனும் அதையே எழுதியிருப்பான், டொரொண்டோவுக்குப் போன பெண்ணும் அதையே எழுதியிருப்பாள். அதில் ஹட்டனும் இல்லை, ஷெஃபீல்டும் இல்லை, நீங்களும் இல்லை. என்ன எழுதலாம் என்பதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் அடுக்கிச் சொன்ன படங்களில் இரண்டை முதலில் எடுத்துவிடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தில் பிழை இருந்தால் அதன் கீழே எழுதும் வரி எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

முதலாவது போர்டிங் பாஸ். பெயரின் மேல் விரலை வைத்து மறைத்துப் படம் எடுப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது, ஆனால் பக்கத்தில் இருக்கும் பட்டைக் குறியீட்டை எவரும் மறைப்பதில்லை. உங்கள் பெயரும் பயணப் பதிவு எண்ணும் அந்தக் குறியீட்டுக்குள்ளேயே இருக்கின்றன, அதைப் படிக்கக் கைத்தொலைபேசி போதும். குடும்பப் பெயரும் பதிவு எண்ணும் கையில் இருந்தால் பல விமான நிறுவனங்களின் தளத்தில் அந்தப் பதிவைத் திறந்துவிடலாம், திரும்பும் பயணமும் அதே பதிவில் இருந்தால் அதில் கை வைக்கவும் முடியும். படத்தைக் கட்டாயம் போட வேண்டும் என்று மனம் கேட்டால், 'கொழும்பு' என்று அச்சிட்ட மூலையை மட்டும் வெட்டிப் போடுங்கள்.

இரண்டாவது சாவி. நமது லயத்து வீட்டில் பூட்டு என்பது பெரும்பாலும் ஒரு மரியாதைக்குத்தான், பக்கத்துக் காம்பராவில் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா மலைக்குப் போவார். ஆகவே சொந்தமாக ஒரு சாவி கையில் கிடைத்ததும் அதைப் படமெடுக்கத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. ஆனால் சாவியின் வெட்டுகளைப் படத்திலிருந்தே அளந்து நகல் செய்யலாம் என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2008இலேயே செய்து காட்டிவிட்டார்கள், அதுவும் தொலைவிலிருந்து எடுத்த படத்தை வைத்து. சாவியோடு விடுதியின் பெயர் எழுதிய வளையமும் சேர்ந்து தெரிந்தால் கதவைத் திருடர்கள் தேடவே தேவையில்லை. சாவியைக் கைக்குள் மூடிப் பிடித்து, கையை மட்டும் படமெடுங்கள்.

இந்த வாரத்துக்கே உரிய இன்னொரு காகிதமும் இருக்கிறது. முன்பு வதிவிட அனுமதிக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை தருவார்கள், தபால் நிலையத்தில் போய் வாங்குவோம், வாங்கியதும் படமெடுப்போம். 2024 முடிவோடு அந்த அட்டைகள் போய்விட்டன. இப்போது எல்லாம் இணையக் கணக்கில் இருக்கின்றன, வீட்டுக்காரருக்கோ வேலை தருபவருக்கோ காட்ட ஒன்பது எழுத்துக்களும் எண்களும் கொண்ட பகிர்வுக் குறியீடு ஒன்றை எடுத்துத் தர வேண்டும். அது 90 நாட்கள் செல்லும். அதனுடன் உங்கள் பிறந்த திகதி தெரிந்தால் போதும், உங்கள் விசா நிலையை எவரும் திறந்து பார்க்கலாம். சென்ற ஆண்டுப் பிறந்தநாள் கேக் படம் உங்கள் பக்கத்திலேயே இருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 'எல்லாம் முடிந்தது' என்று மகிழ்ச்சியாக எழுதி அந்தத் திரையைப் படமாகப் போடுபவர்களை ஒவ்வொரு செப்டம்பரிலும் பார்க்கிறேன்.

இவ்வளவு அச்சப்பட வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரு படக்குறிப்பில் 'புதிதாக வந்திருக்கிறேன்', 'தனியாக', 'ஷெஃபீல்ட்' என்ற மூன்றும் சேர்ந்தால், இவளுக்கு இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை என்று ஊருக்கே அறிவித்ததாகிறது. அதைப் படித்துவிட்டு இரண்டு வகையினர் வருவார்கள். குடிவரவு அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பதிவில் தவறு இருக்கிறது, அபராதம் கட்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று தொலைபேசியில் மிரட்டுபவர்கள் ஒரு வகை. உள்துறை அலுவலகம் எந்த மாணவரையும் தொலைபேசியில் அழைத்துப் பணம் கேட்பதில்லை. பேசுபவர் உங்கள் பெயரையும் பல்கலைக்கழகத்தையும் சரியாகச் சொன்னால், அவற்றை அவர் உங்கள் பக்கத்தில் படித்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வைத்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் போய்க் கேளுங்கள்.

மற்ற வகையினர் அறை தருபவர்கள். 'தற்காலிக விடுதியில் இருக்கிறேன், அறை தேடுகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், தமிழிலேயே செய்தி வரும், 'தங்கச்சி' என்றுதான் தொடங்கும். வீட்டைக் காட்டாமல் முற்பணம் கேட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு முற்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, வாங்கியதை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த வைப்புத் திட்டம் ஒன்றில் பதிந்து உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்தத் திட்டத்தில் வைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையானவர் பெயரைச் சொல்வார். மற்றவர் "நம்ம ஆட்களுக்குள் எதற்கு இதெல்லாம்" என்பார். என்னிடமும் ஒருவர் அப்படித்தான் சொன்னார், நம்ம ஆள்தான், பணமும் திரும்பி வரவில்லை.

அது 2009. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தேன். ஒரு கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளும் ஒரு பெயர்ப்பலகையுமாக இருந்த இடத்தைத்தான் கல்லூரி என்று முகவர் சொல்லியிருந்தார். அக்காலத்தில் அப்படிப்பட்ட கல்லூரிகள் நிறைய இருந்தன, பின்பு அவற்றில் பல உரிமத்தை இழந்தன. முதல் வாரத்தில் இன்னொருத்தியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்று ஒரு படம் எடுத்து முகநூலில் போட்டேன். சில மாதங்களில் தம்பி சொன்னான், அந்தப் படம் பெரிதாக அச்சடிக்கப்பட்டு முகவரின் அலுவலகச் சுவரில் தொங்குகிறது என்று. கீழே அவர்களே 'எங்கள் மாணவி, லண்டனில்' என்று எழுதியிருந்தார்களாம். என்னிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சுவரைப் பார்த்துக் காணியையும் நகையையும் அடகு வைத்து வந்த இரண்டு பையன்களை நான் பிறகு இங்கே சந்தித்தேன். "அக்கா, உங்கள் படத்தைப் பார்த்துத்தான் வந்தோம்" என்றார்கள். அதன் பிறகு என் கோபமெல்லாம் முகவர் மேல் திரும்பியது, அது இன்றுவரை அப்படியே இருக்கிறது.

இப்போது அச்சடிக்கக்கூடத் தேவையில்லை. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கண்டியிலும் இருக்கும் அலுவலகங்கள் உங்கள் படத்தைத் திரையிலிருந்தே எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்கின்றன. இதற்கு எதிராகப் படக்குறிப்பில் ஒரு காரியம் செய்யலாம். விளம்பரமாக மாற்ற முடியாத ஒரு வரியை எழுதுங்கள். 'கனவு நனவானது' என்றால் அதை அப்படியே ஒட்டிக்கொள்வார்கள். 'வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை, பல்கலைக்கழகக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்' என்ற வரியை எந்த முகவரும் சுவரில் மாட்டமாட்டார். முகவரின் பெயரையோ அடையாளக் குறியையோ கண்டிப்பாக இணைக்காதீர்கள். 'நன்றி சொல்லி ஒரு பதிவு போட்டால் கட்டணத்தில் கழிவு' என்று கேட்பார்கள், அந்தக் கழிவு உங்களுக்குப் பின்னால் வருபவரின் பணம்.

முகவருக்குப் பயந்து அழுது எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் படத்தை வீட்டில் யார் படிப்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அம்மா படிப்பார், அம்மாவுக்குப் படித்துக் காட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் படிக்கும். உங்களுக்காக அம்மா தமது சேமலாப நிதியைக் கொடுத்தாரா, அடகுக் கடைக்குப் போனாரா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் மலையகத்தில் இருந்து கட்டணம் கட்டி வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பின்னால் அந்த இரண்டில் ஒன்று இருக்கும். அவருக்கு 'ஐயோ தனிமை' என்ற வரி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், பெரிய மாளிகை முன்னால் நிற்கும் படம் 'இனிப் பணம் வரும்' என்ற பேச்சைக் கிளப்பும். மற்றவரின் காரில் சாய்ந்துகொண்டு படமெடுக்கும் பழக்கம் நமது ஆட்களிடம் இருபது வருடங்களாக மாறவில்லை. அந்தக் காரைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கடன் கேட்டு வருகிறார்கள், பிறகு "ஊர்ச்சனம் நச்சரிக்கிறது" என்று இவர்களே குறைப்படுகிறார்கள். முதல் வாரத்தில் நடந்த ஒரு சிறிய காரியத்தை உள்ளபடி எழுதினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

எந்தக் காரியம்? இங்கேதான் பலரும் கடன் வாங்கிய அனுபவத்தை எழுதுகிறார்கள். முதலில் குளிர். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருபவர்கள் செப்டம்பரில் 'உறையும் குளிர்' என்று எழுதுவதில் நியாயம் இருக்கலாம். நீங்கள் எழுதினால் ஊரில் சிரிப்பார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இரவில் வெப்பநிலை 10 பாகையை ஒட்டிப் போவது அங்கே வழமை. செப்டம்பர் இறுதியில் ஷெஃபீல்டின் இரவும் ஏறக்குறைய அவ்வளவுதான். கம்பளியும் மூடுபனியும் ஈரத்தில் காயாத துணியும் நமக்குப் புதிதல்ல. மலையகத்துப் பிள்ளைக்குப் புதிதாக இருப்பது வீட்டுக்குள் இருக்கும் சூடு, சுவரில் ஒட்டிய இரும்புப் பெட்டியைத் திருகினால் அறை முழுவதும் வெதுவெதுப்பாகிவிடுவது. 'நுவரெலியாவை விடக் குளிர் இல்லை, ஆனால் இங்கே குளிர் வாசலோடு நின்றுவிடுகிறது' என்று எழுதினால், அது மலையகத்திலிருந்து வந்த ஒருத்தி மட்டும் எழுதக்கூடிய வரி. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டும்போது குளிரைப் பற்றி வேறு விதமாக எழுதலாம், அதை அப்போது பார்ப்போம்.

அடுத்தது உங்கள் தேநீர்க் கோப்பைப் படம். அதன் கீழே என்ன எழுத மனம் வரும் என்று எனக்குத் தெரியும்: 'அம்மா பறித்த கொழுந்து இங்கே என் கோப்பையில்.' எழுதுவதற்கு முன்னால் பொதியைத் திருப்பிப் பாருங்கள். பிரித்தானியா இறக்குமதி செய்யும் தேயிலையில் பெரும்பங்கு கென்யாவிலிருந்து வருகிறது, பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் தேநீர்ப் பைகள் பல நாட்டுத் தேயிலையின் கலவை. வாளேந்திய சிங்கச் சின்னம் பொதியில் இருந்தால் மட்டுமே அது முழுவதும் இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். இலங்கைத் தேயிலைச் சபையின் விதி அது. பிரித்தானியாவில் பொதி செய்தால் உள்ளே நல்ல சிலோன் தேயிலை இருந்தாலும் அந்தச் சின்னம் இராது. சிங்கம் இருந்தாலும் அம்மாவின் மலை அதுதானா என்பது தெரியாது, ஏனெனில் பெரும்பாலான பொதிகளில் பல தோட்டங்களின் தேயிலை கலந்திருக்கும். நானாக இருந்தால் அந்தப் படத்துக்கு, 'பொதியைத் திருப்பிப் பார்த்தேன். சிங்கம் இல்லை. இருந்தாலும் குடித்தேன்' என்று எழுதுவேன். கொழுந்து மலையில் வளர்ந்தவர்கள் இதைப் படித்ததும் புரிந்துகொள்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், கேட்டால் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயரைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. இங்கே தமிழர் எவரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். கேட்பவர் பெரும்பாலும் வடக்கைச் சேர்ந்தவராக இருப்பார், அவர் எதிர்பார்க்கும் பதில் வல்வெட்டித்துறையோ சாவகச்சேரியோ ஆக இருக்கும். 'தலவாக்கலை' என்றதும் ஒரு சிறிய மௌனம் விழும். "ஓ, தோட்டப் பக்கமா" என்று சிலர் சொல்வார்கள். "தேயிலை நல்லா இருக்குமே" என்று சிலர் அன்பாகவே சொல்வார்கள். எனக்கு வீடு கிடைக்க உதவியவர் பருத்தித்துறைக்காரர், ஆகவே எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசமாட்டேன். எனக்கு உண்மையான மனத்தாங்கல் நமது பிள்ளைகள் மேல்தான். நாவலப்பிட்டியிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வந்துவிட்டு, தங்கள் பக்கத்தில் 'கண்டி' என்றோ 'கொழும்பு' என்றோ போட்டுக்கொள்கிறார்கள். 1948இன் சட்டத்தால் நமது தாத்தா பாட்டிமார் குடியுரிமை இழந்தார்கள், எஞ்சியிருந்தவர்களுக்கும் அது கிடைப்பதற்கு 2003இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு காலமும் காகிதம் எதுவும் சொல்லாத ஊரைத் தாங்களே சொல்லிக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள். ஆகவே 'ஹட்டன்' என்று படக்குறிப்பில் எழுதுங்கள். ஆனால் தோட்டத்தின் பெயர், டிவிசன், அம்மாவின் பெயர் ஆகியவற்றை எழுதாதீர்கள். பிறந்த இடமும் தாயின் பெயரும் பல கணக்குகளில் பாதுகாப்புக் கேள்விகளாகக் கேட்கப்படுபவை.

இனி வரிக்கு வருகிறேன். உங்கள் முதல் வாரத்தில் ஷெஃபீல்டுக்கும் ஹட்டனுக்கும் இடையே உண்மையில் பொருந்தும் ஒன்று இருக்கிறது, அநேகமாக நீங்கள் அதைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். மான்செஸ்டரில் இறங்கி ரயிலில் வந்தவர் என்றால், மலைகளுக்கிடையே ஓடும் பாதையின் முடிவில், ஷெஃபீல்டை நெருங்கும்போது, நீண்ட நேரம் இருட்டாக இருந்திருக்கும். அது டோட்லிச் சுரங்கம். ஐந்தரைக் கிலோமீற்றருக்கும் அதிகமான நீளம், 1893இல் திறந்தது. நமக்குத் தெரிந்தது ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் இருக்கும் சிங்கமலைச் சுரங்கம். நமது மலையகப் பாதையில் அதுதான் மிக நீளமானது, ஆனாலும் அரைக் கிலோமீற்றரைச் சற்றுத்தான் தாண்டும், அதற்குள்ளேயே பெட்டி முழுவதும் பிள்ளைகள் கத்தி முடித்துவிடுவார்கள். இதை வைத்து முதலில் இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'ஹட்டனை விட்டதும் ஒரு சுரங்கம், ஷெஃபீல்டைத் தொடுமுன் ஒரு சுரங்கம்.'

ஊர் தெரிந்தவர் இதைப் படித்ததும் பிழை கண்டுபிடித்துவிடுவார். சிங்கமலை ஹட்டனிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறும்போது வருவது, கட்டுநாயக்கவுக்கு இறங்கும்போது அது வராது. இந்தப் பயணத்தில் நீங்கள் அதைக் கடக்கவே இல்லை. ஆகவே பயணத்தைச் சொல்லாமல் நினைவைச் சொல்ல வேண்டும்:

'சிங்கமலைச் சுரங்கத்துக்குள் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். டோட்லிச் சுரங்கத்துக்குள் ஒருவரும் கத்தவில்லை.'

இதில் 'தனியாக' என்ற சொல் இல்லை, தனியாக வந்தது தெரிகிறது. இரண்டு ஊரும் இருக்கின்றன, உங்கள் விடுதி இல்லை. முகவருக்கும் பயன்படாது. அம்மா படித்தால் சிரிப்பார், கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொள்வார், ஆனால் தூக்கம் கெடாது. பேருந்தில் வந்திருந்தால் இதை எழுதாதீர்கள், பொய்யாகிவிடும். அப்போது வேனை எடுத்துக்கொள்ளுங்கள். நமது பக்கத்தில் ஒரு பிள்ளை வெளிநாடு போனால் வேன் பிடித்து, பெரியம்மாவிலிருந்து பக்கத்து லயத்துக் குழந்தை வரை எல்லோரும் கட்டுநாயக்க வரை வந்துதான் வழியனுப்புவார்கள், உங்களுக்கும் வந்திருப்பார்கள்:

'கட்டுநாயக்க வரை ஒரு வேன் நிறையச் சனம். ஷெஃபீல்ட் நிலையத்தில் இரண்டு பெட்டி, ஒரு ஆள்.'

தனி ஆள் என்பது இதிலும் தெரியத்தான் செய்கிறது. ஆனால் அது நிலையத்தில் நடந்து முடிந்த ஒன்று, இன்று நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் என்பதை அது சொல்லவில்லை. 'ஒரு வேன்' என்பதற்குப் பதிலாக எண்ணைப் போட முடிந்தால் இன்னும் நல்லது. எத்தனை பேர் வந்தார்கள் என்று வீட்டில் கேளுங்கள், அதில் ஒரு சண்டையே நடக்கும், அதையும் எழுதலாம்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ஸ்டகிராமில் முதல் இரண்டு வரி அளவுதான் கண்ணுக்குத் தெரியும், மீதியைத் திறந்துதான் பார்க்க வேண்டும், பெரும்பாலோர் திறப்பதில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே அந்த இடம் நமக்கு இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'இறுதியாக', 'ஒருவழியாக', 'என் வாழ்க்கையின் புதிய அத்தியாயத்தில்' என்று தொடங்கினால் சொல்ல வந்தது மடிப்புக்குள் போய்விடும். ஊர்ப் பெயரோ பொருளோ முதல் சொல்லாக இருக்கட்டும். இடத்தைக் குறிக்கும் வசதியில் விடுதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், 'ஷெஃபீல்ட்' என்று நகரத்தை மட்டும் போடுங்கள். வாட்ஸ்அப் நிலைத்தகவல் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று நம்பி அதில் மட்டும் எல்லாவற்றையும் போடுபவர்கள் உண்டு. அமைப்பை மாற்றாவிட்டால் அது உங்கள் தொடர்பில் இருக்கும் எல்லோருக்கும் போகும், விமான நிலையத்தில் எண் வாங்கிய வாடகை வண்டிக்காரர் உட்பட, அவர் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தால். படம் எடுத்த அன்றே போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் வாரத்துப் படத்தை மூன்றாவது வாரத்தில் போடுங்கள், அதற்குள் வங்கிக் கணக்கும் மருத்துவரிடம் பதிவும் முடிந்திருக்கும், எவர் அழைத்து மிரட்டினாலும் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். அதைத் தனியாகப் பேச வேண்டும், இங்கே படத்தோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். பட்டப்படிப்பு மாணவர் விசாவில் கல்வித் தவணை நடக்கும்போது திங்கள் முதல் ஞாயிறு வரையான வாரத்தில் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், சுயதொழில் கூடவே கூடாது. உணவு விநியோகம் பெரும்பாலும் சுயதொழிலாகவே கணக்கிடப்படுகிறது. வேறொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டும் பையன்கள் அந்தச் சதுரப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு 'உழைப்பே உயர்வு' என்று படம் போடுகிறார்கள். தங்கள் முகம், பெயர், நாள் எல்லாவற்றையும் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு படத்தில் உங்களையும் இணைத்திருந்தால் உடனே நீக்கிவிடுங்கள்.

அரிசிக்கு ஷெஃபீல்டில் லண்டன் வீதிப் பக்கம் நடந்து பாருங்கள், ஆசியக் கடைகள் இருக்கின்றன. எந்தக் கடையில் நம்ம ஊர்ச் சிவப்பரிசி என்பதை உங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தில் யாரையாவது கேளுங்கள், அவர்கள் விலையோடு சொல்வார்கள்.